ஏப்ரல் முதல் தேதியில் ஒரு தலைகீழ்ப் பதிவு

மார்ச் 31-ஆம் தேதி கணக்கை முடிக்கும்போது எழுதப்படும் சில சரிக்கட்டுப் பதிவுகளை ஏப்ரல் முதல் தேதியன்று அப்படியே தலைகீழாகத் திருப்பி எழுதும் வழக்கம் கணக்கர்களிடையே உண்டு. முதல் நாள் பற்று வைத்த கணக்கை மறுநாள் வரவு வைப்பார்கள். வரவு வைத்ததைப் பற்று வைப்பார்கள். தொகையில் ஒரு ரூபாய்கூட மாறாது. கணக்குப்பதிவியலில் இதைத் திருப்புப் பதிவு எனலாம். அலுவலகங்களில் ரிவர்சல் என்றே சொல்கிறார்கள். நேற்று எழுதியதை இன்று ரத்து செய்வதற்கு எதற்காக ஒரு பதிவு என்று புதிதாகப் படிப்பவர்களுக்குத் தோன்றும். அதன் பயன் அன்றைக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து, பணம் பட்டுவாடா ஆகும்போதுதான் தெரியும்.

கோவையில் ஒரு சிறிய லேத் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே சனிக்கிழமைதோறும் வாரக்கூலி. எல்லாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி 10,000 ரூபாய்; திங்கள் முதல் சனி வரை ஆறு நாளுக்கு 60,000 ரூபாய். அந்த ஆண்டு மார்ச் 31 செவ்வாய்க்கிழமையில் வருகிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வேலை முடிந்துவிட்டது. அதற்கான 20,000 ரூபாய் கூலி சனிக்கிழமைதான் கைக்குப் போகும். ஆனால் அந்த வேலை பழைய நிதியாண்டில் நடந்தது. அதனால் செலவும் பழைய ஆண்டுக்கே உரியது. கணக்கர் மார்ச் 31 தேதியிட்டு இப்படி எழுதுவார்:

கூலி கணக்கு — பற்று 20,000
கொடுபட வேண்டிய கூலி கணக்கு — வரவு 20,000

இதில் முதல் வரி இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. இரண்டாவது வரி இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக நிற்கிறது. ஆண்டு முடிந்ததும் கூலி கணக்கில் உள்ளது முழுவதும் இலாப நட்டக் கணக்குக்கு மாற்றப்பட்டு, அந்தக் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். கொடுபட வேண்டிய கூலி கணக்கு அப்படியல்ல. அது பொறுப்புக் கணக்கு என்பதால் 20,000 ரூபாய் வரவு இருப்போடு புதிய ஆண்டுக்குள் நுழையும். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். ஒரே சனிக்கிழமைக் கூலி இரண்டு கணக்குகளில் பிரிந்து கிடக்கிறது. அதை எங்கேயாவது ஒன்று சேர்த்தாக வேண்டும்.

சனிக்கிழமை, ஏப்ரல் 4. காசாளர் 60,000 ரூபாய் பட்டுவாடா செய்கிறார். திருப்புப் பதிவு எழுதப்படவில்லை என்றால் அன்றைய பதிவு இப்படி இருக்க வேண்டும்: கொடுபட வேண்டிய கூலி பற்று 20,000, கூலி பற்று 40,000, ரொக்கம் வரவு 60,000. தப்பே இல்லாத பதிவுதான். ஆனால் இதை எழுத, காசாளருக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் முடிவில் இப்படியொரு சரிக்கட்டு நடந்தது என்பது ஒன்று. அதன் தொகை எவ்வளவு என்பது இன்னொன்று. இந்த வாரம் மட்டும் வழக்கமான பதிவு செல்லாது என்பது மூன்றாவது. ஆண்டில் ஐம்பத்தொரு சனிக்கிழமை ஒரு மாதிரியும், ஒரேயொரு சனிக்கிழமை வேறு மாதிரியும் எழுதச் சொல்கிறோம். அந்த ஒரு சனிக்கிழமை மறந்துபோவதில் ஆச்சரியமில்லை.

திருப்புப் பதிவு எழுதியிருந்தால் கதை வேறு. ஏப்ரல் முதல் தேதியில் கணக்கர் இதை எழுதி வைத்துவிடுவார்:

கொடுபட வேண்டிய கூலி கணக்கு — பற்று 20,000
கூலி கணக்கு — வரவு 20,000

பொறுப்புக் கணக்கு இதோடு பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யத்தில் தொடங்கிய கூலி கணக்கில் இப்போது 20,000 ரூபாய் வரவு இருப்பு நிற்கிறது. செலவுக் கணக்கில் வரவு இருப்பு என்பது பார்க்க விசித்திரமாக இருக்கும்; நாலு நாளைக்கு அப்படித்தான் இருக்கும், பயப்படத் தேவையில்லை. சனிக்கிழமை காசாளர் எப்போதும்போலக் கூலி பற்று 60,000, ரொக்கம் வரவு 60,000 என்று எழுதிவிட்டுப் போவார். 60,000 பற்றில் ஏற்கெனவே இருக்கும் 20,000 வரவைக் கழித்தால் கூலி கணக்கில் மிஞ்சுவது 40,000. புதன் முதல் சனி வரை நாலு நாள் கூலி அதே 40,000தான். பிரிக்க வேண்டிய வேலையைக் காசாளர் செய்யவில்லை, கணக்கே செய்துகொண்டது.

இரண்டு வழியிலும் கடைசியில் வரும் விடை ஒன்றுதான். திருப்புப் பதிவு எழுதாவிட்டால் கணக்கு தப்பாகிவிடாது. எழுதினால் இலாபம் கூடிவிடவும் செய்யாது. அதனால்தான் பாடநூல்கள் இதைக் கட்டாயம் என்று சொல்வதில்லை, விருப்பத்துக்கு உட்பட்டது என்றே சொல்கின்றன. கையால் பேரேடு எழுதிய காலத்தில் இதே பலனை வேறு விதமாகப் பெற்றார்கள். கொடுபட வேண்டிய தொகைக்குத் தனிக் கணக்கு திறக்காமல், கூலி கணக்கின் அடியிலேயே அந்த 20,000 ரூபாயைக் கீழிறக்கி, புதிய ஆண்டின் முதல் வரியாக வரவுப் பக்கத்தில் கொண்டுவந்து எழுதிவிடுவார்கள். அப்போதும் புதிய ஆண்டின் கூலி கணக்கு 20,000 வரவு இருப்போடுதான் தொடங்கியது. தனியாகத் திருப்புப் பதிவு எழுத வேண்டிய தேவையே அங்கே வரவில்லை.

கூலியில் தொகை முன்கூட்டியே துல்லியமாகத் தெரியும். மதிப்பீடாகவே எழுத வேண்டிய செலவுகளில் திருப்புப் பதிவின் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுப்பு; பிப்ரவரி 20 முதல் ஏப்ரல் 20 வரையிலான கட்டணம் ஏப்ரலில்தான் தெரியும். மார்ச் 31 அன்று கணக்கர் கையில் ரசீது இல்லை. முந்தைய கட்டணங்களைப் பார்த்து, கழிந்த நாற்பது நாளுக்கு 13,000 ரூபாய் ஆகலாம் என்று மதிப்பிட்டுப் பதிவு செய்கிறார். ஏப்ரலில் வந்த கட்டணம் 21,000 ரூபாய்.

திருப்புப் பதிவு இல்லையென்றால் பணம் கட்டும்போது 21,000-இல் 13,000-ஐக் கொடுபட வேண்டிய கட்டணத்தில் பற்று வைத்து, மீதி 8,000-ஐச் செலவில் எழுத வேண்டும். கட்டணம் மதிப்பீட்டைவிடக் குறைவாக, 12,400 என்று வந்திருந்தால்? பொறுப்புக் கணக்கில் 600 ரூபாய் மிஞ்சி நிற்கும். அதை யாராவது கவனித்து நீக்கும் வரை அங்கேயே கிடக்கும். திருப்புப் பதிவு எழுதியிருந்தால் இந்தக் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை. 13,000 ரூபாய் வரவோடு காத்திருக்கும் மின்கட்டணக் கணக்கில் 21,000 வந்தால் மிச்சம் 8,000. வேறெந்தத் தொகை வந்தாலும் வித்தியாசம் தானாகவே புதிய ஆண்டின் செலவாகிவிடும். மதிப்பீட்டில் ஏற்பட்ட சிறிய பிசகு புதிய ஆண்டில் சரியாவது கணக்கியல் முறைப்படியும் ஏற்றதே.

ஜிஎஸ்டி சேர்ந்த ரசீதுகளில் இந்த வசதி இன்னும் கூடும். பழுதுபார்ப்பு ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய், அதற்கு மேல் 18,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் ரசீது வரவில்லை. உள்ளீட்டு வரிச் சலுகைக்கு ரசீது வேண்டும். அதனால் சரிக்கட்டுப் பதிவில் ஒரு லட்சத்தை மட்டும் எழுதி, வரியை விட்டுவிடுவார்கள். ஏப்ரலில் ரசீது வரும்போது, திருப்புப் பதிவு முன்பே எழுதப்பட்டிருந்தால், ரசீதை வழக்கமான முறையில் வரியோடு முழுத் தொகைக்கும் பதிவு செய்தால் போதும். ரசீதைப் பதிவு செய்பவர் பழைய ஆண்டின் பங்கு எவ்வளவு என்று தேட வேண்டியதில்லை. ரசீதில் உள்ளதும் ஏட்டில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கும். பின்னால் தணிக்கையின்போது ஒப்பிடவும் எளிது.

எல்லாச் சரிக்கட்டுப் பதிவுகளையும் இப்படித் திருப்பிவிடலாமா என்றால், கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தச் சரிக்கட்டுக்குப் பின்னால் ஒரு வழக்கமான பதிவு வரப்போகிறதா, அது முழுத் தொகையையும் செலவாகவோ வருமானமாகவோ எழுதுமா? கொடுபட வேண்டிய கூலி, வட்டி, வாடகை, மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் விடை ஆம். வர வேண்டிய வாடகைக்கும் அப்படியே. வாடகை வந்ததும் முழுத் தொகையும் வருமானத்தில்தான் எழுதப்படும். தேய்மானத்துக்கு அப்படியொரு பதிவு கிடையாது. மார்ச்சில் இயந்திரத்துக்கு எழுதிய தேய்மானத்தை ஏப்ரலில் திருப்பினால் தேய்ந்த இயந்திரத்துக்குப் பழைய மதிப்பு திரும்பிவிடும். புதிய ஆண்டின் செலவிலிருந்து ஒரு தொகை காரணமில்லாமல் கழிந்துவிடும். ஐயக்கடன் ஒதுக்கும் அதே வகைதான்.

முன்கூட்டிச் செலுத்திய செலவுகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஜனவரி முதல் தேதி வேனுக்கு ஓர் ஆண்டுக் காப்பீடு 24,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. மார்ச் வரை மூன்று மாதத்துக்கு 6,000 போக, 18,000 அடுத்த ஆண்டுக்கு உரியது. ஜனவரியில் கட்டியபோது அதை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே திருப்பலாமா என்பது முடிவாகும். முழுவதையும் காப்பீட்டுச் செலவில் எழுதியிருந்தால், மார்ச் சரிக்கட்டு 18,000 ரூபாயைச் செலவிலிருந்து எடுத்து முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்ற சொத்துக்கு மாற்றும். இதை ஏப்ரலில் திருப்பினால் 18,000 மறுபடி செலவில் வந்து உட்காரும். அது புதிய ஆண்டுக்கே உரிய தொகை, கணக்கு சரி. ஜனவரியிலேயே அதைச் சொத்தாக எழுதியிருந்தால் மார்ச் சரிக்கட்டு தீர்ந்துபோன 6,000 ரூபாயைச் செலவுக்கு மாற்றும். இதைத் திருப்பினால் தீர்ந்துபோன மூன்று மாதக் காப்பீடு மீண்டும் சொத்தாக உயிர் பெறும். அது பிழை. காப்பீட்டு ஒப்பந்தம் ஒன்றே, தொகை ஒன்றே. முதல் பதிவு வேறு என்பதால் விடையும் வேறாகிறது.

திருப்பலாம் என்ற முதல் வகையிலும் ஒரு வரம்பு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கணக்கு முடிக்கும் இடத்தில் 18,000 ஏப்ரலில் எழுதப்பட்டாலும் டிசம்பரில் எழுதப்பட்டாலும் ஒன்றுதான். மாதாமாதம் இலாபம் பார்க்கும் நிறுவனத்தில் அப்படியில்லை. மாதம் 2,000 ரூபாயாக வர வேண்டிய செலவு ஏப்ரல் ஒரே மாதத்தில் 18,000 ஆகக் குவியும். மே முதல் டிசம்பர் வரை காப்பீட்டுச் செலவே இல்லாததுபோலக் காட்டும். அங்கே திருப்பாமல், சொத்திலிருந்து மாதம் 2,000 ரூபாயாக எடுத்து எழுதுவதே நல்லது.

கொடுபட வேண்டிய செலவுகளிலும் மாதக் கணக்கு ஒரு கேள்வியைக் கேட்கும்: பணமோ ரசீதோ அடுத்த மாதமே வருமா? கூலி வரும், மின்கட்டணம் வரும். தணிக்கைக் கட்டணம் வராது. மார்ச்சில் 50,000 ரூபாய்க்குப் பதிவு செய்த தணிக்கைக் கட்டணத்துக்கு ரசீது செப்டம்பரில் வருவது சாதாரணம். அதை ஏப்ரல் முதல் தேதியில் திருப்பினால் ஏப்ரல் மாத அறிக்கையில் தணிக்கைக் கட்டணம் மைனஸ் 50,000 என்று நிற்கும். ரசீது வரும் வரை ஒவ்வொரு மாத அறிக்கையிலும் அந்தப் பொய்யான இலாபம் ஒட்டிக்கொண்டிருக்கும். கொடுக்க வேண்டிய கடன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்தே மறைந்திருக்கும். இப்படிப்பட்டதைத் திருப்பாமல் பொறுப்பாகவே வைத்திருந்து, ரசீது வந்ததும் அதில் கழிப்பதே முறை. ஆண்டுக்கு ஒரு ரசீது, அதைப் பதிவு செய்பவருக்கு நினைவிருக்கும். இங்கே மிச்சப்படுத்த உழைப்பும் இல்லை.

அதனால் திருப்புப் பதிவு எங்கே உதவும் என்பதை ஓரளவு அறுதியிட்டே சொல்லலாம். ஒரே மாதிரிப் பதிவுகள் வாரந்தோறும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும் இடத்தில் உதவும். சரிக்கட்டுப் பதிவை எழுதுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்றிருக்கும் இடத்தில் மிக நன்றாக உதவும். சம்பள மென்பொருளே கூலிப் பதிவைப் போட்டுவிடும் இடங்களில் இது ஏறக்குறைய தவிர்க்க முடியாதது. மென்பொருளிடம் இந்த ஒரு வாரம் மட்டும் பிரித்து எழுது என்று சொல்ல முடியாது. கடைக்காரரே எல்லாக் கணக்கையும் எழுதி, மார்ச் முடிவில் கொடுபட வேண்டியது இரண்டே இரண்டு இருந்தால் திருப்புப் பதிவு கூடுதல் வேலைதான். ஏப்ரலில் பணம் கட்டும்போது பிரித்து எழுதிவிட்டுப் போகலாம்.

எது செய்தாலும் பாதியில் முறையை மாற்றக் கூடாது. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன. பட்டறைக் கணக்கையே பார்க்கலாம். கணக்கர் திருப்பவில்லை, காசாளரும் பிரிக்காமல் 60,000 முழுவதையும் கூலியில் எழுதிவிட்டார். 20,000 ரூபாய் இரண்டு ஆண்டிலும் செலவாகிவிட்டது. கொடுபட வேண்டிய கூலி கணக்கில் யாருக்கும் கொடுக்க வேண்டாத 20,000 நின்றுகொண்டே இருக்கும். இதற்கு நேர்மாறான பிழை, கணக்கர் திருப்பிய பிறகு காசாளரும் பொறுப்பாகப் பிரித்து எழுதுவது. அப்போது கூலி கணக்கில் 40,000-க்குப் பதில் 20,000 மட்டுமே இருக்கும். பொறுப்புக் கணக்கு 20,000 பற்று இருப்போடு நிற்கும், தொழிலாளர்கள் பட்டறைக்குக் கடன்பட்டிருப்பதுபோல. மூன்றாவது, தேதிப் பிழை. ஏப்ரல் 1 என்று போட வேண்டியதை மார்ச் 31 என்று போட்டுவிட்டால் சரிக்கட்டே அழிந்துபோகும். பழைய ஆண்டின் இலாபம் 20,000 கூடும், பொறுப்பு காணாமல் போகும். இருப்பாய்வு அப்போதும் ஒத்துப்போகும் என்பதால் அது எந்த எச்சரிக்கையும் தராது.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ஏப்ரல் மாத இறுதியில், அதற்குள் பணம் பட்டுவாடா முடிந்திருக்க வேண்டிய ஒவ்வொரு கொடுபட வேண்டிய கணக்கையும் திறந்து பார்த்தால் போதும். இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். வரவு இருப்பு இருந்தால் முதல் பிழை. பற்று இருப்பு இருந்தால் இரண்டாவது. அதே நாளில் செலவுக் கணக்குகளின் பட்டியலில் வரவு இருப்போடு நிற்பது ஏதாவது உண்டா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் திருப்பிய பிறகு ரசீது வரவில்லை, அல்லது இரண்டு முறை திருப்பியிருக்கிறார்கள். தேதிப் பிழைக்கு மட்டும் மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பையே பார்க்க வேண்டும். எழுதிய பொறுப்பு அதில் இருக்கிறதா என்று.

தமிழ்நாட்டுச் சிறு நிறுவனங்களில் மிகப் பரவலாகப் புழங்கும் டாலி மென்பொருளில் ஒரு பொறி இருக்கிறது. அதில் `Reversing Journal` என்ற பெயரிலேயே ஒரு வவுச்சர் உண்டு. பெயரைப் பார்த்து, மார்ச் முடிவுச் சரிக்கட்டை அதில் போட்டுவிட்டால் ஏப்ரலில் தானாகத் திரும்பிவிடும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது வேறு வேலைக்கு ஏற்பட்டது. அந்த வவுச்சர் உண்மையான பேரேட்டைத் தொடுவதேயில்லை. `Scenario` என்ற ஒன்றை அமைத்து, அறிக்கையை அதன் வழியாகப் பார்க்கும்போது மட்டும், `Applicable upto` என்ற இடத்தில் கொடுத்த தேதி வரை அதன் விளைவு தெரியும். ஆண்டின் நடுவில் உத்தேசமாக இலாபம் பார்க்க அது நல்ல கருவி. ஆண்டு முடிவுச் சரிக்கட்டை அதில் எழுதினால் வழக்கமான இருப்புநிலைக் குறிப்பில் அந்தப் பொறுப்பு வரவே வராது. டாலியில் திருப்புப் பதிவு வேண்டுமென்றால் மார்ச் 31-க்கு ஒரு சாதாரண `Journal`, ஏப்ரல் 1-க்கு இன்னொரு சாதாரண `Journal` என்று இரண்டையும் கையால் போட வேண்டும். இரண்டையும் ஒரே அமர்வில் எழுதிவிட்டு, விவரக் குறிப்பில் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் எழுதி வைப்பது கணக்கர்களின் நல்ல பழக்கம். ஜீரோ என்று உச்சரிக்கப்படும் `Xero`-வில் உண்மையாகவே தானாகத் திரும்பும் வசதி இருக்கிறது. பதிவு எழுதும்போதே `Auto Reversing Date` என்ற இடத்தில் தேதியைக் கொடுத்துவிடலாம்.

மார்ச் பதிவையே அழித்துவிட்டால் வேலை முடிந்ததே என்று நினைப்பதும் தவறு. அழித்தால் பழைய ஆண்டின் முடிந்துபோன கணக்கு மாறிவிடும். 2023 ஏப்ரல் முதல் இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகள் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாகும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பதால், அப்படி அழித்ததும் தணிக்கையாளர் கண்ணில் படும். திருப்புப் பதிவு புதிய தேதியில் எழுதப்படும் புதிய பதிவு, பழையதைத் தொடுவதில்லை.

கடைசியாக, திருப்பும் முன் வருமான வரிப் பிடித்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்ததாரருக்கு உரிய தொகையைக் கணக்கில் வரவு வைக்கும்போதோ பணம் கொடுக்கும்போதோ, எது முந்தியதோ அப்போது டிடிஎஸ் பிடிக்க வேண்டும்; அவர் பெயரில் எழுதாமல் தற்காலிகக் கணக்கில் எழுதினாலும் அது வரவு வைத்ததாகவே கருதப்படும். ஆள் யார், தொகை எவ்வளவு என்று தெரிந்து மார்ச் 31-இல் ஒரு லட்சத்துக்குப் பதிவு செய்து 2,000 ரூபாய் பிடித்திருந்தால், அந்த 2,000 அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை. முழுப் பதிவையும் ஏப்ரலில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால் அதுவும் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். ரசீதை வழக்கம்போலப் பதிவு செய்யும்போது மென்பொருள் இன்னொரு முறை 2,000 பிடிக்கும். இத்தகைய பதிவுகளைத் திருப்பாமல் விட்டு, ரசீது வரும்போது பொறுப்பில் கழித்துக்கொள்வதே குறைந்த வேலை.